‘40 சதவீதத்துக்குக் கீழே யார் யார்?’

கேள்வி: தனியார் கலை அறிவியல் கல்லூரி ஒன்றில் புள்ளியியல் நடத்துகிறேன். முதலாண்டு வகுப்பில் 58 பேர். சென்ற பருவத்தில் 14 பாடங்களை வீடியோவாக எடுத்துக் கல்லூரியின் மூடுல் தளத்தில் ஏற்றினேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 40 நிமிடம். வாரம் ஒரு மாலை ஆன்லைனில் சந்தேக வகுப்பும் நடத்தினேன். அவையும் பதிவாகி என்னிடம் இருக்கின்றன. எந்த இடத்தில் பிள்ளைகள் வீடியோவைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்க்கிறார்கள், சந்தேக வகுப்பில் என்ன கேட்கிறார்கள் என்பதை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுத ஆசை. பெயர்களை நீக்கிவிட்டுத்தான் எழுதுவேன். வகுப்பு தொடங்கும்போதே ‘இது பதிவாகிறது’ என்று சொல்லியிருக்கிறேன்; யாரும் மறுக்கவில்லை. இது போதாதா?

இதற்கிடையே, கட்டுரைக்காகப் பார்வைக் கணக்குகளை நான் ஒரு தாளில் தொகுப்பது முதல்வர் காதுக்கு எட்டிவிட்டது. ‘40 சதவீதத்துக்குக் கீழே பார்த்தவர்கள் யார் யார் என்று ஒரு லிஸ்ட் கொடுங்கள், இன்டர்னல் மார்க்குக்கு வைத்துக்கொள்வோம்’ என்கிறார். கொடுக்க மனம் வரவில்லை. ஏன் கூடாது என்று சொல்லவும் தெரியவில்லை.

இன்னொன்று. அடுத்த பருவத்திலிருந்து எங்கள் வகுப்புகளையும் பதிவு செய்து, ஆசிரியர் எத்தனை நிமிடம் பேசினார், எத்தனை கேள்வி கேட்டார் என்று மென்பொருள் கொண்டு கணக்கெடுக்கப் போவதாகச் சுற்றறிக்கை வந்திருக்கிறது. எங்களிடம் ஒப்புதல் கேட்க வேண்டாமா?

— உதவிப் பேராசிரியர், ஊரும் பெயரும் வேண்டாம்

பதில்: முதல்வர் கேட்ட லிஸ்ட்டிலிருந்து தொடங்குகிறேன். உங்கள் கட்டுரையின் கதியும் அதில்தான் இருக்கிறது.

2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதவாக்கில்தான் கட்டாயமாகின்றன. ஆனால் இன்று சேர்க்கும் தரவு அன்றும் உங்கள் கணினியில் இருக்கும் என்பதால், அந்தச் சட்டத்தை வைத்தே பேசுவோம். அதன் 17-ஆம் பிரிவு ஆராய்ச்சிக்கும் புள்ளிவிவரப் பணிக்கும் ஒரு பெரிய கதவைத் திறந்துவைத்திருக்கிறது. விதிகளில் சொன்ன தர அளவுகளைப் பின்பற்றி, ஆராய்ச்சிக்குத் தேவையான அளவில் மட்டும் கையாண்டால், சட்டத்தின் பிடியே அந்தப் பணிக்குப் பொருந்தாது. கூடவே ஒரு நிபந்தனை: அந்தத் தரவைக் கொண்டு குறிப்பிட்ட ஓர் ஆளைப் பற்றிய எந்த முடிவும் எடுக்கக் கூடாது.

இப்போது முதல்வர் கேட்பதைப் பாருங்கள். அதே தாள், அதே எண்கள். ‘12-ஆவது நிமிடத்தில் வகுப்பில் பாதிப் பேர் பின்னால் ஓட்டிப் பார்த்தார்கள்’ என்று நீங்கள் எழுதினால் அது ஆராய்ச்சி. ‘வரிசை எண் 23, 31 சதவீதம், மார்க்கில் இரண்டைக் குறை’ என்றால் அது ஓர் ஆளைப் பற்றிய முடிவு. அந்த நொடியில் கதவு மூடிவிடும்; கட்டுரைக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தால் அந்தச் சொல்லும் பொய்யாகிவிடும். ஆகவே கொடுக்கக் கூடாது என்பதற்கு முதல் காரணம் இரக்கம் இல்லை, உங்கள் ஆய்வின் சட்டநிலை.

இரண்டாவது காரணத்தை நீங்கள் புள்ளியியல்காரர் என்பதால் என்னைவிட நன்றாகச் சொல்வீர்கள்: அந்த 40 சதவீதம் எதன் சதவீதம்? வீடியோ பிளேயர் மாணவரைப் பார்ப்பதில்லை. சில நொடிக்கு ஒருமுறை ‘இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறேன்’ என்று வழங்கிக்கு ஒரு செய்தி அனுப்புகிறது. நிறுத்தினால் ஒன்று, தாவினால் ஒன்று. அவற்றைக் கூட்டித்தான் சதவீதம் வருகிறது. எப்படிக் கூட்டுகிறது என்பதைப் பொறுத்து விடை தலைகீழாகும்.

உங்கள் 40 நிமிடப் பாடத்தையே எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி இரட்டை வேகத்தில் முழுவதும் பார்க்கிறாள். கடிகாரப்படி ஓடியது 20 நிமிடம். இன்னொரு மாணவன் முதல் 20 நிமிடம் பார்த்து, அதற்குள் வந்த 5 நிமிட நிரூபணம் பிடிபடாமல் அதை மட்டும் இன்னும் நான்கு தடவை ஓட்டிவிட்டு மூடிவிடுகிறான். கடிகாரப்படி ஓடியது 40 நிமிடம். ஓடிய நேரத்தை எண்ணும் பிளேயர் அவளுக்கு 50, அவனுக்கு 100 போடும். காணொளியின் எவ்வளவு பரப்பு கடந்தது என்று எண்ணும் பிளேயர் அவளுக்கு 100, அவனுக்கு 50 போடும். இருவருமே ஒழுங்காகப் படித்த பிள்ளைகள். விடுதியில் ஒரே போனைச் சுற்றி நால்வர் உட்கார்ந்து பார்த்திருந்தால் மூவருக்குச் சைபர். கோப்பை இறக்கிவைத்துப் பேருந்தில் பார்த்தவருக்கும் சைபர். ஒலியைக் குறைத்து ஓடவிட்டுத் தூங்கியவருக்கோ நூறு.

அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவு, ஓர் ஆளைப் பாதிக்கும் முடிவுக்குப் பயன்படக்கூடிய தரவு முழுமையாகவும் துல்லியமாகவும் முரணின்றியும் இருக்க வேண்டும் என்று நிறுவனத்தின் மீதே பொறுப்பை வைக்கிறது. மேலே சொன்ன இரண்டு கணக்கையும் ஒரு தாளில் எழுதி முதல்வர் மேசையில் வையுங்கள். ‘எந்தக் கணக்குப்படி சார் குறைப்பது?’ என்று கேட்டால், ‘தனியுரிமை’ என்ற சொல்லை நீங்கள் எடுக்கவே வேண்டியிருக்காது. பின்தங்கும் பிள்ளைகளுக்கு உதவுவதுதான் அவர் நோக்கம் என்றால், அதை ஆய்வோடு சேர்க்காமல் வேறொரு ஏற்பாடாக, அடுத்த பருவத் தொடக்கத்திலேயே அறிவித்து, மார்க்கோடு முடிச்சுப் போடாமல் செய்யலாம். நடந்து முடிந்த பருவத்துக்குப் பின்தேதி போட்டுச் செய்ய முடியாது.

அடுத்து, ‘இது பதிவாகிறது’ என்று சொன்னது. அது அறிவிப்பு, ஒப்புதல் ஆகாது. சட்டம் கேட்கும் ஒப்புதல் சுதந்திரமானதாக, ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்கானதாக, விவரம் தெரிந்து, நிபந்தனையின்றித் தரப்பட்டதாக இருக்க வேண்டும். சும்மா இருந்ததைச் சம்மதமாகக் கொள்ள முடியாது, தெளிவான ஒரு செயலால் காட்டியிருக்க வேண்டும். அன்று மாலை வகுப்பில் மறுக்க நினைத்த பிள்ளைக்கு இருந்த ஒரே வழி வெளியேறுவது. வெளியேறினால் சந்தேகம் தீராது, வருகையும் போகும். தவிர, ‘வராதவர்கள் பார்த்துக்கொள்வதற்காகப் பதிவு செய்கிறோம்’ என்றுதான் அவர்கள் நினைத்திருப்பார்கள். தன் கேள்வியை நீங்கள் உட்கார்ந்து வகைப்படுத்திக் கட்டுரையில் எண்ணிக்கையாக ஏற்றுவீர்கள் என்று யாரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

‘17-ஆம் பிரிவு ஆராய்ச்சிக்கு விலக்குத் தருகிறது என்றீர்களே, பிறகு ஒப்புதல் எதற்கு?’ என்று கேட்பீர்கள். சட்டம் விட்டாலும் ஆய்வு நெறிமுறைக் குழு விடாது. நல்ல ஆய்விதழும் அந்தக் குழுவின் அனுமதியைத்தான் முதலில் கேட்கும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் 2017 நெறிமுறைகள் மாணவர்களையும் ஊழியர்களையும், மேலே இருப்பவருக்கு அஞ்சிச் சரி சொல்லக்கூடியவர்கள் என்ற முறையில், தனிப் பாதுகாப்புத் தேவைப்படுவோராகவே வைத்துப் பார்க்கின்றன. அவை மருத்துவ ஆய்வுக்காக எழுதப்பட்டவைதான். ஆனாலும் மார்க் போடுகிறவர் நீட்டும் படிவம் எப்படிப்பட்டது என்பது எல்லா வகுப்பறையிலும் ஒன்றுதான்.

அதற்குக் கல்வி ஆய்வு செய்வோர் கையாளும் ஒரு வழி இருக்கிறது. படிவத்தை நீங்கள் கொடுக்காதீர்கள். வேறு துறை ஆசிரியர் ஒருவர் கொடுக்கட்டும், அப்போது நீங்கள் அறையில் இருக்க வேண்டாம். எல்லோரும் ஓர் உறையைத் திருப்பித் தருவார்கள், உள்ளே ‘சம்மதம்’ இருக்கலாம், ‘வேண்டாம்’ இருக்கலாம். உறைகள் அவர் பூட்டிலேயே இருக்கும். மதிப்பெண்கள் பதிவேறிய பிறகுதான், அதுவும் சம்மதித்தவர்களின் பட்டியல் மட்டும் உங்களுக்கு வரும். யார் மறுத்தார் என்று மதிப்பெண் போடும்போது உங்களுக்குத் தெரியாது; உங்களுக்குத் தெரியாது என்பது பிள்ளைகளுக்கும் தெரியும். பாதி வேலை இந்த இரண்டாவதில்தான்.

படிவத்தில் ஒரே கேள்வி வைக்காதீர்கள். வீடியோ பார்த்த பதிவுகளை எண்ணிக்கையாகப் பயன்படுத்துவது ஒன்று. சந்தேக வகுப்பில் பேசியதை எழுத்தாக்கி ஆராய்வது இன்னொன்று. குரலையோ முகத்தையோ கருத்தரங்கில் போட்டுக்காட்டுவது மூன்றாவது. முதலாவதுக்குச் சரி சொல்பவர் மூன்றாவதுக்கு நிச்சயம் தயங்குவார். ஒரே கேள்வியாகக் கேட்டால் அந்தத் தயக்கத்தில் முதலாவதும் போய்விடும். தமிழிலும் கொடுங்கள். சட்டமே அறிவிப்பை எட்டாம் அட்டவணை மொழிகளில் கேட்டுப் பெற வழி வைத்திருக்கிறது. விலகுவதற்குக் கடைசித் தேதி ஒன்றையும் அச்சிடுங்கள். அது ஏன் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதலாண்டு என்கிறீர்கள். பிளஸ் டூ முடித்து வந்தவர்களில் 17 வயதினர் கணிசமாக இருப்பார்கள். இந்தச் சட்டத்தில் 18 நிறையாதவர் எல்லோரும் குழந்தைதான். அவர்களது நடத்தையைக் கண்காணிப்பதற்குத் தடை உண்டு. பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதலும் வேண்டும். கல்வி நிறுவனங்களுக்கு விதிகள் ஒரு விலக்கு தருகின்றன. ஆனால் அது நிறுவனத்தின் கல்விப் பணிக்காகவும் மாணவர் பாதுகாப்புக்காகவும் மட்டும். உங்கள் ஆய்விதழ்க் கட்டுரை அந்தக் ‘கல்விப் பணி’க்குள் அடங்குமா என்று வாதாடிக்கொண்டிருப்பதைவிட, பதிவு நடந்த நாளில் 18 நிறையாதவர்களை ஆய்விலிருந்து எடுத்துவிடுவது எளிது. 58 பேர் 40 ஆனாலும் உங்கள் ஆய்வுக் கேள்விக்குப் பெரிய நட்டமில்லை.

இனி, ‘பெயர்களை நீக்கிவிட்டுத்தான் எழுதுவேன்’ என்ற வரி. இதில் நானே வழுக்கி விழுந்தவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நிறுவனத்துக்காகப் பயிற்சி வீடியோக்களின் பார்வைப் பதிவை அலசினேன். பெயர், ஊழியர் எண் இரண்டு பத்தியையும் அழித்து, 36 வரிகளை மட்டும் துறைத் தலைவருக்கு அனுப்பினேன். வரிசையைக் கலைக்க மறந்துவிட்டேன். அகர வரிசையில் இருந்த வருகைப் பட்டியலை அவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு விரலால் எண்ணியிருக்கிறார். மாலைக்குள் யார் எத்தனை பார்த்தார் என்பது அந்த மாடி முழுக்கத் தெரிந்துவிட்டது. அதிலிருந்து எதை அனுப்புவதானாலும் முதலில் வரிகளைக் குலுக்கிப் போடுவது பழக்கமாகிவிட்டது.

மூடுல் பதிவில் இன்னொரு பொறி இருக்கிறது. பதிவைக் கோப்பாக இறக்கினால் ஆளின் முழுப்பெயர் ஒரு பத்தியில் வரும், அதை அழித்துவிடுவீர்கள். சற்று வலப்புறம் நிகழ்வின் விவரம் என்று ஒரு பத்தி இருக்கும். அதில் ஒவ்வொரு வரியிலும் இப்படி எழுதியிருக்கும்:

```
The user with id '1187' viewed the 'page' activity with course module id '342'.
```

அந்த 1187 ஒரே மாணவருடையது. அவரது பக்கத்தைத் தளத்தில் திறந்தால் முகவரியிலேயே அந்த எண் நிற்கும். இன்னும் தள்ளிப் போனால் ஐபி முகவரியும் இருக்கும். இரவு 11 மணிக்கு விடுதி வலையிலிருந்து பார்த்தாரா, வீட்டிலிருந்தா என்பதை அது காட்டிக்கொடுக்கும். ஆகவே எதை அழிப்பது என்று யோசிக்காதீர்கள். எது வேண்டும் என்று மட்டும் யோசித்து அந்தப் பத்திகளைப் புதிய தாளுக்கு எடுத்துச் செல்லுங்கள். உங்களுக்கு வேண்டியது எந்தப் பாடம், எந்த நிமிடம், ஒரு புனை எண். அவ்வளவுதான்.

புனை எண்ணையும் பதிவெண்ணிலிருந்து உருவாக்காதீர்கள். பதிவெண்ணை ‘ஹாஷ்’ செய்து புரியாத நீண்ட சரமாக மாற்றிவிட்டால் பாதுகாப்பு என்று பலர் நம்புகிறார்கள். உங்கள் வகுப்பின் பதிவெண்கள் 58-உம் வரிசையாக எல்லோருக்கும் தெரிந்தவை. அந்த 58-ஐயும் அதே முறையில் ஹாஷ் செய்து ஒப்பிட ஒரு நொடிகூட ஆகாது. சீட்டுக் குலுக்கிப் போட்டது போன்ற எண்களைக் கொடுங்கள். எந்த எண் யாருடையது என்ற சாவித்தாள் அந்த வேறு துறை ஆசிரியரிடமே இருக்கட்டும். சொன்ன தேதியில் அவர் அதை அழித்துவிடட்டும். அழித்த பிறகு ‘என்னுடையதை எடுத்துவிடுங்கள்’ என்று யார் வந்தாலும் எதை எடுப்பது என்று தெரியாது. விலகும் கடைசித் தேதியை முன்பே அச்சிடச் சொன்னது இதற்காகத்தான்.

எண்ணும் போய், பெயரும் போய், வெறும் சராசரிகள் மட்டும் நின்றாலும் சின்ன வகுப்பில் ஆள் தெரிந்துவிடுவார். உதாரணமாக, விடுதியில் தங்கும் தமிழ்வழி மாணவர்கள் 9 பேர் என்று வையுங்கள். சராசரியாகப் பார்த்தது 52 சதவீதம். அடுத்த அட்டவணையில் அவர்களில் பெண்கள் 8 பேர், சராசரி 55. 9-ஐ 52-ஆல் பெருக்கினால் 468. 8-ஐ 55-ஆல் பெருக்கினால் 440. மிச்சம் 28. விடுதியில் தமிழ்வழியில் படித்து வந்த ஒரே பையன் 28 சதவீதம் பார்த்தான் என்று நீங்கள் அச்சில் போட்டுவிட்டீர்கள். அவன் யார் என்று வகுப்புக்கே தெரியும். ஐந்து பேருக்குக் குறைவான கட்டத்தை மறைப்பது பொதுவான வழக்கம். ஆனால் இங்கே அந்தக் கட்டத்தை நீங்கள் போடவே இல்லை, கழித்தல் போட்டது. மொத்தமும் ஒரு பகுதியும் தெரிந்தால் மறுபகுதி தெரியும். ஆகவே ஒன்றை மறைத்தால் அதைக் காட்டிக்கொடுக்கும் இன்னொன்றையும் மறைக்க வேண்டும், அல்லது பிரிவுகளைக் குறைக்க வேண்டும். உங்கள் கேள்வி எந்த நிமிடத்தில் பிடிபடவில்லை என்பது. அதற்கு விடுதியும் பயிற்றுமொழியும் உண்மையில் வேண்டுமா என்று பாருங்கள்.

‘58 பேர் என்பதால் இந்தச் சிக்கல், பெரிய கூட்டமென்றால் பரவாயில்லை’ என்றும் இல்லை. அமெரிக்காவின் நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம் 2006-இல் ஒரு போட்டிக்காக, ஏறக்குறைய 4,80,000 சந்தாதாரர்கள் படங்களுக்குப் போட்ட சுமார் 10 கோடி மதிப்பெண்களைப் பெயர் நீக்கி வெளியிட்டது. டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் அரவிந்த் நாராயணன், விட்டாலி ஷ்மாட்டிகோவ் இருவரும் அதை ஆராய்ந்தார்கள். நாராயணன் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்துப் போனவர். ஒருவர் மதிப்பெண் போட்ட எட்டுப் படங்கள் தெரிந்திருந்தால், அதிலும் இரண்டு முற்றிலும் தவறாகவே இருந்தாலும், தேதிகள் இரண்டு வாரம் முன்பின்னாக இருந்தாலும், அந்தத் தொகுப்பில் இருப்பவர்களில் 99 சதவீதத்தினரைத் தனியாகப் பிரித்தெடுத்துவிடலாம் என்று 2008-இல் வெளியான அவர்கள் கட்டுரை காட்டியது. எதை, எப்போது பார்த்தோம் என்பதே கைரேகை போல ஆகிவிடுகிறது. நிறுவனம் திட்டமிட்டிருந்த அடுத்த போட்டி 2010-இல் கைவிடப்பட்டது. உங்கள் 14 பாடமும் அப்படித்தான்: ‘தீபாவளிக்கு மறுநாள் விடியற்காலை ஒரே மூச்சில் ஐந்து பாடம் பார்த்தவர்’ என்று எழுதினால் அவருடைய அறைத்தோழிக்குப் பெயர் வேண்டியதில்லை. தேதிகளை ‘பருவத்தின் 6-ஆம் வாரம்’ என்ற அளவுக்கு மழுங்கடியுங்கள்.

யூடியூபில் ஏற்றியிருந்தால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி வந்தேயிருக்காது. எந்த நிமிடத்தில் எத்தனை சதவீதப் பார்வையாளர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கோடாகக் காட்டுமே தவிர, யார் என்று படைப்பாளிக்குச் சொல்லாது. உங்கள் ஆய்வுக் கேள்விக்கு அந்தக் கோடே ஏறத்தாழ போதும். அடுத்த தடவை யோசித்துப் பாருங்கள். (அங்கே யூடியூபுக்குத் தெரிந்துவிடுகிறதே என்று கேட்டால், ஆமாம்; அது வேறு கதை.)

சந்தேக வகுப்புப் பதிவுகளுக்கு வருவோம். பார்வைப் பதிவைவிட இது கனமானது. பார்வைப் பதிவில் இருப்பது எண். இதில் இருப்பது குரலும் வீடும். ‘மேடம், ஒரு நிமிஷம்’ என்று மைக்கை மூட மறந்த பிள்ளையின் பின்னால் யாரோ கத்துவது கேட்கும். கேமராவுக்குக் குறுக்கே ஓர் அம்மா சாப்பாட்டுத் தட்டோடு போவார். அவர்கள் உங்கள் படிவத்தில் எங்கும் கையெழுத்துப் போடவில்லை, போடவும் போவதில்லை. பதிவோடு சேமிக்கப்படும் அரட்டைக் கோப்பையும் திறந்து பாருங்கள். கணினியிலேயே பதிவு செய்யும் முறையில், உங்களுக்கு மட்டும் என்று தனியாக அனுப்பிய செய்திகளும் அதில் சேர்ந்திருக்கக்கூடும். ‘நேற்று அப்பாவுக்கு ஆஸ்பத்திரி, அதான் வரலை’ என்பது போன்றவை.

ஒரு வழி சொல்கிறேன். சம்மதித்தவர்கள் கேட்ட கேள்விகளை மட்டும் நீங்களே உட்கார்ந்து கேட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள்: எந்தப் பாடத்தின் எந்த நிமிடத்தைப் பற்றியது, வரையறை புரியவில்லையா, கணக்கின் ஒரு படி விடுபட்டதா, எங்கே பயன்படும் என்ற கேள்வியா. சொன்ன வாசகம் வேண்டாம், வகை போதும். 14 வாரப் பதிவுக்கு நான்கைந்து நாள் பிடிக்கும். அலுப்பான வேலைதான். ஆனால் தானாக எழுத்தாக்கும் இணையச் சேவைக்கு அனுப்பினால் 58 பேரின் குரலும் கல்லூரியை விட்டு வெளியே போகும். அதற்குக் கல்லூரிக்கும் அந்தச் சேவைக்கும் ஒப்பந்தம் வேண்டும். நம் பிள்ளைகளின் தமிழும் ஆங்கிலமும் கலந்த பேச்சை அது எழுதித் தருவதைத் திருத்தவும் அதே நான்கைந்து நாள் ஆகும். வரிகள் எழுதி முடித்ததும் ஆய்வுக்கென்று வைத்திருந்த ஒலிப்படியை அழித்துவிடலாம். வராதவர்களுக்காகக் கல்லூரி வைத்திருக்கும் பதிவு வேறு. அதை எவ்வளவு காலம் வைப்பது என்பது கல்லூரியின் கணக்கு.

கடைசியாக உங்கள் சொந்த வழக்கு. இங்கே கசப்பான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் மாணவருக்கு இந்தச் சட்டம் தருகிற அளவுக்கு உங்களுக்குத் தரவில்லை. 7-ஆம் பிரிவு, வேலை தொடர்பான நோக்கங்களுக்கும் நிறுவனத்தை நட்டத்திலிருந்து காப்பதற்கும் ஊழியரின் தரவை ஒப்புதல் இல்லாமலே பயன்படுத்த வழி வைத்திருக்கிறது. ஆசிரியரின் பணியை மதிப்பிடுவது வேலை தொடர்பான நோக்கம்தான் என்று நிர்வாகம் சொல்லும். அதை மறுப்பது கடினம். ‘என்னைப் பற்றி என்ன வைத்திருக்கிறீர்கள், காட்டுங்கள்’ என்று கேட்கும் உரிமை 11-ஆம் பிரிவில் இருக்கிறது. ஆனால் அது ஒப்புதல் தந்தவருக்கே உரியதாக எழுதப்பட்டிருக்கிறது. ஒப்புதலே கேட்கப்படாத ஊழியர் அதற்கு வெளியே நிற்கிறார். என் பார்வையில் சட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்.

ஆனால் நிர்வாகம் ஒன்றை மறந்திருக்கும். உங்கள் வகுப்பைப் பதிவு செய்தால் அதில் நீங்கள் மட்டும் இல்லை. கேள்வி கேட்கும் பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களில் 17 வயதினரும் இருக்கிறார்கள். 7-ஆம் பிரிவின் அந்த வழி ஊழியருக்கானது. மாணவர் ஊழியர் இல்லை. ஆசிரியர் மதிப்பீட்டுக்காக மாணவர் குரலை ஒரு வெளி மென்பொருளுக்குள் செலுத்த எந்த அடிப்படை என்று நிர்வாகம் விடை வைத்திருக்க வேண்டும். குழந்தைகள் தொடர்பான கடமையை மீறினால் இந்தச் சட்டத்தில் தண்டம் 200 கோடி ரூபாய் வரை போகலாம் என்பதையும் துறைக் கூட்டத்தில் சாதாரணமாகக் குறிப்பிட்டு வையுங்கள்.

அளவீடும் சந்தேகத்துக்குரியதே. மைக் உங்கள் சட்டையிலோ மேசையிலோ இருக்கும். மூன்றாம் பெஞ்ச் மாணவியின் கேள்வி அதில் விழாது. மென்பொருள் அந்த நேரத்தை மௌனம் என்றோ உங்கள் பேச்சு என்றோ எழுதும். கேள்வி கேட்டுவிட்டுப் பிள்ளைகள் யோசிக்க நீங்கள் எட்டு நொடி பொறுத்தால் அதுவும் வெற்று நேரம். கரும்பலகையில் நிரூபணம் எழுதும் நிமிடங்களும் அப்படியே. நல்ல ஆசிரியர் இந்தக் கணக்கில் சோம்பேறியாகத் தெரிவார். ஒரே ஒரு வகுப்பை மென்பொருளுக்கும் கொடுத்து, ஒருவர் கையில் கடிகாரத்தோடு உட்கார்ந்தும் எண்ணி, இரண்டையும் பக்கத்தில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் கேட்க வேண்டிய நியாயமான சோதனை அது.

எழுத்தில் மூன்று விவரம் கேளுங்கள்: இந்த எண்களை யார் யார் பார்ப்பார்கள், எத்தனை மாதம் வைத்திருப்பார்கள், ஊதிய உயர்வுக்கோ நீக்கத்துக்கோ பயன்படுமா. முதலில் ஆசிரியருக்கு மட்டும் காட்டுவது, நிர்வாகத்துக்குத் துறைவாரிச் சராசரி மட்டும் போவது என்ற ஏற்பாட்டை முன்வையுங்கள். இது நடக்காத காரியம் இல்லை. மைக்ரோசாஃப்ட் 2020 இறுதியில் தன் அலுவலக மென்பொருளில் ஊழியர்களின் பயன்பாட்டை ஆள் பெயரோடு காட்டும் ஒரு மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து, எதிர்ப்பு எழுந்ததும் டிசம்பர் தொடக்கத்திலேயே பெயர்களை எடுத்துவிட்டு நிறுவன அளவில் மட்டும் காட்டுவதாக அறிவித்தது. பெயர் இல்லாமலும் அந்தப் பொருள் விற்கத்தான் செய்தது.

நடந்து முடிந்த பருவத்துக்கு இப்போது ஒப்புதல் வாங்கலாமா என்று கேட்பீர்கள். மதிப்பெண் ஏறிவிட்டது என்றால் ஒருவகையில் இதுவே நல்ல நேரம். ஆனால் அடுத்த பருவமும் நீங்கள்தான் அவர்களுக்கு என்றால் உறை ஏற்பாட்டை விடாதீர்கள், உறைகளை அந்தப் பருவம் முடியும் வரை பூட்டியே வையுங்கள். வாங்குவதற்கு முன் உங்கள் மடிக்கணினியின் ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையைத் திறந்து, மூடுலிலிருந்து இறக்கிய பழைய கோப்புகள் எத்தனை கிடக்கின்றன என்று பாருங்கள். முதல்வர் காதுக்கு விஷயம் எட்டியது எந்தத் தாளால், அதை யாருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினீர்கள் என்பதையும் சேர்த்து.